மைக் இல்லாத தெருமுனைப் பேச்சு: நாற்பது விநாடியில் எது காதில் நிற்கும்?

சந்துமுனை_மருமகன்

என் அத்தை தாராவியில் மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார். அதிகாலையில் இட்லி அவித்துக் கடைகளுக்கு அனுப்பும் தொழில் அவருடையது. சின்னம் தையல் மெஷின், வாக்கு இயந்திரத்தில் ஏழாம் எண். சின்னம் கைக்கு வந்த பிறகு பிரச்சாரத்திற்கு எஞ்சியிருப்பது சில நாள்களே என்பதாலும், மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவு செய்யும் வசதி எங்களுக்கு இல்லை என்பதாலும், தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்து முனைகளில் வெறும் குரலிலேயே பேசுவது என்று முடிவு செய்துள்ளோம்.

நான் எழுதிக் கொடுத்த பேச்சின் தொடக்கம் இது: “மதிப்பிற்குரிய பொதுமக்களே, கடந்த பல ஆண்டுகளாக அடிப்படை வசதிகள் எதுவும் முறையாகச் செய்து தரப்படாத நமது பகுதியில், இரவு நேரங்களில் பொதுக் கழிப்பறைகள் பூட்டப்படுவதால் பெண்களும் முதியவர்களும் படும் துன்பத்தை இனியும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.” முழுப் பேச்சு நான்கு நிமிடம். நேற்று மாலை இரண்டு இடங்களில் பேசிப் பார்த்தார். ஒருவரும் நிற்கவில்லை. பேசி முடித்ததும், கடந்து சென்ற பத்துப் பேரை நான் நிறுத்தி, அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன். நான்கு பேர் “ஏதோ கழிப்பறை” என்றார்கள். சின்னத்தைச் சொன்னவர் ஒருவர், எண்ணைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒரு பெரியவர் “சும்மா இருக்கப் போகிறாராம்” என்றார். இதை எப்படிச் சரிசெய்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செம்பூர்_செயலாளர்

எங்கள் குடியிருப்புச் சங்கத் தேர்தலில் நான் மூன்று முறை பேசி வென்றிருக்கிறேன். முதலில் வருகை தந்தோருக்கு வணக்கம், பிறகு கடந்த ஆண்டின் வரவு செலவு, பிறகு எதிர்காலத் திட்டம் என்று மூன்று பகுதிகளாகப் பேச வேண்டும். நான்கு நிமிடம் போதாது, குறைந்தது பத்து நிமிடம் வேண்டும். தேநீருக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

பழையமேடை

செயலாளர் ஐயா சொல்வது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கான பேச்சு. மருமகன் கேட்பது நடந்து போகிறவர்களுக்கான பேச்சு. இவை இரண்டும் வெவ்வேறு தொழில்கள்.

நான் மில் வேலைநிறுத்தக் காலத்திற்குப் பிந்தைய சில ஆண்டுகள் இந்த நகரத்துத் தொழிற்சங்கத் தெரு நாடகக் குழுவொன்றில் இருந்தவன். அங்கே முதலில் கற்றுக்கொண்டது, கேட்பவர் நம் முன் எவ்வளவு நேரம் இருப்பார் என்று அளந்து பார்ப்பதுதான். சந்து முனையில் ஒருவர் சாதாரண நடையில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் குரல் தெளிவாகக் கேட்கும் வட்டத்திற்குள் அவர் நுழைந்து வெளியேறும் தூரம் பன்னிரண்டு, பதினைந்து மீட்டர்தான். அதைக் கடக்க அவருக்குப் பத்துப் பதினைந்து விநாடி போதும். காய்கறி வாங்க நின்றவரும் பேருந்துக்குக் காத்திருப்பவரும் ஒரு நிமிடம் கொடுப்பார்கள். உங்கள் அத்தை பேசிய நான்கு நிமிடத்தில் ஒருவர் காதில் விழுந்தது நடுவிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு மட்டுமே. அந்தத் துண்டில் எண் இல்லையென்றால் அவருக்கு எண் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகையால் பேச்சுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்கும் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். செக்கு மாடு சுற்றுவது போல அது சுற்றி வர வேண்டும். எந்த இடத்தில் ஒருவர் உள்ளே வந்தாலும் பதினைந்து விநாடிக்குள் ஒரு முறையாவது சின்னமும் எண்ணும் அவர் காதில் விழ வேண்டும். ஒரு சுற்று நாற்பது விநாடி, அதற்குள் எண் மூன்று முறை. அப்படி மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்த முனைக்குப் போய்விட வேண்டும்.

அந்தப் பெரியவர் “சும்மா இருக்கப் போகிறாராம்” என்று சொன்னதைச் சிரித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். அவர் தவறாகக் கேட்கவில்லை. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பு அதற்கும் கடைசியில் வருகிறது. “சும்மா இருக்க” என்பது வரை அத்தைக்கு மூச்சு இருந்தது. “மாட்டேன்” வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும், அல்லது ஓர் ஆட்டோ ஒலி எழுப்பியிருக்கும். இருபது சொல் கொண்ட வாக்கியத்தின் முழுப் பொருளையும் அதன் கடைசிச் சொல்லில் தொங்கவிட்டால், அந்த ஒரு சொல் விழுந்ததும் பொருள் தலைகீழாகிறது. காகிதத்தில் இது குறையே அல்ல, தெருவில்தான் ஆளைக் கவிழ்க்கும். எனவே தெருமுனைப் பேச்சில் “மாட்டேன்”, “இல்லை”, “கூடாது” என்று முடியும் வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் விதியாக இருந்தது. (நானே இப்போது “கூடாது” என்று முடித்திருக்கிறேன். இது எழுத்து, பொறுத்தருள்க.)

தாணேக்காரன்

இவ்வளவு சிரமப்படத் தேவையில்லை. மின்கலத்தில் இயங்கும் கையடக்க ஒலிபெருக்கி எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அது மைக் செட் அல்ல என்பதால் அனுமதியும் வேண்டியதில்லை. மேலும், ஒவ்வொருவருக்கும் நான்கு வாக்குகள் இருப்பதால் “உங்கள் நான்கு வாக்குகளில் ஒன்றை எனக்குத் தாருங்கள்” என்று அத்தை கேட்கலாம். அப்படிக் கேட்டால் கட்சிக்காரர்கள்கூட ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள்.

ஐரோலி_ஒலிக்காரர்

தாணேயில் நான்கு உறுப்பினர் கொண்ட வார்டுகள் இருப்பதால் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. மும்பை மாநகராட்சியில் 227 வார்டுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே உறுப்பினர்தான். அத்தையின் வாக்காளருக்கு ஒரு வாக்கு மட்டுமே. தாராவியில் போய் நான்கு வாக்கு என்று பேசினால், இவருக்குத் தேர்தலே தெரியவில்லை என்று நினைப்பார்கள்.

கையடக்க ஒலிபெருக்கியும் ஒலிபெருக்கிதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் அது அறவே ஆகாது. சிறிய கருவி என்பதால் விலக்குக் கிடைப்பதில்லை. வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் அந்தச் செலவு வேட்பாளரின் தேர்தல் கணக்கில் வரும்.

என் தொழில் நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பது. அந்தக் கணக்கை இங்கே சொல்கிறேன். நன்றாகக் குரல் எழுப்பிப் பேசுகிறவரின் வாயிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 85 டெசிபெல் இருக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபெல் குறையும். இரண்டு மீட்டரில் 79, நான்கு மீட்டரில் 73, எட்டு மீட்டரில் 67. மாலை நேரத்துப் பெரிய சாலையின் இரைச்சல் எழுபத்தைந்தைத் தாண்டிவிடும் என்பதால், சாலையோரத்தில் நின்று கத்தினால் மூன்றாவது மீட்டரிலேயே குரல் மூழ்கிவிடுகிறது. சந்துக்குள் இருபது அடி தள்ளி நின்றால் இரைச்சல் வெகுவாகக் குறையும். அங்கே அதே குரல் எட்டு மீட்டர் வரை பொருள் புரியும்படி போய்ச் சேரும். குரலை உயர்த்த முயல்வதைவிட நிற்கும் இடத்தை மாற்றுவது எளிது.

முதுகுக்குப் பின்னால் சுவரோ மூடிய இரும்புக் கதவோ இருக்கட்டும். பின்னால் போகும் ஒலி வீணாகாமல் முன்னால் திரும்பும். அரை அடி உயரமுள்ள பலகையின் மேல் நின்றால் முதல் வரிசைத் தலைகள் ஒலியை மறைக்காது. பிறகு, நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசும் பழக்கத்தை அத்தை விட வேண்டும். மெய்யெழுத்துகளின் கூர்மை முகம் நோக்கும் திசையில்தான் போகிறது. பக்கவாட்டில் இருப்பவருக்கு உயிரெழுத்துகளின் ஓசை மட்டும் கேட்கும், சொல் புரியாது. ஓர் அரைவட்டத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் பேசட்டும்.

தாணேக்காரன்

வார்டு விஷயத்தில் என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒலிபெருக்கி இல்லையென்றால் எந்த அனுமதியும் வேண்டாம் என்பதாவது சரிதானே?

ஐரோலி_ஒலிக்காரர்

ஒலிக்கான அனுமதி வேண்டாம் என்பது வரை சரி. கூட்டம் கூட்டுவதும் வழியை மறிப்பதும் வேறு விஷயம், அதற்குக் காவல் துறைக்குத் தனி அதிகாரம் உண்டு. எந்த முனையில், எத்தனை மணிக்கு, எத்தனை பேருடன் என்று தேர்தல் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றுக்கொள்வதே நல்லது. மூன்று சுற்றுப் பேசிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று பழையமேடை சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

மாட்டுங்கா_ஆசிரியை

முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, சொற்களின் ஓசை. தெருவில் நெடில் உயிர்கள் நிற்கும், குறில்கள் சிதறும். “கழிப்பறை” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கமே இரண்டு குறில்கள், நடுவில் உதடு மூடும் ஒலி, கடைசி ஐகாரமும் பேச்சில் குறுகிவிடுகிறது. சத்தமாகச் சொல்ல அதில் பிடிமானமே இல்லை. “பூட்டு” என்ற சொல் அப்படியல்ல. முதலெழுத்து நெடில், அடுத்து அழுத்தமான டகர ஒற்று. ஈற்றிலுள்ள குற்றியலுகரம் காற்றில் போனாலும் “பூட்” என்பது காதில் விழுந்துவிடும். “சாவி”யும் அப்படியே. எனவே பேச்சின் நடுச்சொல் “பூட்டு” என்றே இருக்கட்டும். துன்பம், அடிப்படை வசதி, முறையாக என்பவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். “டாய்லெட்” என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை என்றாலும், ஓசையை மட்டும் பார்த்தால் அது கழிப்பறையைவிட நன்றாகப் போய்ச் சேரும் என்பதை மறுக்க முடியவில்லை.

இரண்டாவது, மனத்தில் நிற்பதற்கு நம்மிடம் மோனையும் எதுகையும் உள்ளன. “பாட்டிக்கும் பூட்டு” என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகை தானாக அமைகிறது. இப்படி ஒன்று போதும். ஒவ்வொரு வரியிலும் எதுகை வைத்தால் அது பட்டிமன்றமாகிவிடும், கேட்பவர் ஓசையை நினைவில் வைத்துக்கொண்டு எண்ணை மறந்துவிடுவார்.

சந்துமுனை_மருமகன்

எல்லாருக்கும் நன்றி. அத்தையும் நானும் இரவு உட்கார்ந்து மாற்றி எழுதினோம். அத்தை தாம் பேசுகிற நடையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

“ராத்திரி பத்து மணி. டாய்லெட்டில் பூட்டு! பாட்டிக்கும் பூட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் பூட்டு. ஏழாம் எண், தையல் மெஷின். சாவி எங்கே? சாவி உங்கள் கையில்! ஏழாம் எண், தையல் மெஷின். நான் இட்லிக்கார அக்கா. இதே சந்து. மெஷினில் ஏழு, தையல் மெஷின்!”

நிதானமாகச் சொன்னால் முப்பத்தைந்து விநாடி ஆகிறது. ஏழு என்பதற்கு ஒரு கையின் ஐந்து விரல்களையும் மறு கையின் இரண்டு விரல்களையும் தூக்கிக் காட்டலாம் என்று நினைக்கிறோம்.

பழையமேடை

மிக நன்று, ஆனால் உடனே இரண்டு மாற்றம் செய்யுங்கள். ஐந்து விரலையும் விரித்துத் தூக்கினால் அது காங்கிரஸின் கைச் சின்னம். குரல் எட்டாத தூரத்தில் இருப்பவர் கண்ணில் அது மட்டும்தான் படும். “சாவி உங்கள் கையில்” என்பதிலும் அதே கை இருக்கிறது. அத்தை தம் தொண்டையைச் செலவழித்து வேறொருவருக்கு வாக்குக் கேட்பதாக ஆகிவிடும். “சாவி உங்களிடம்” என்று மாற்றுங்கள். எண்ணைக் காட்ட விரல் வேண்டாம், பள்ளிப் பிள்ளையின் சிலேட்டு ஒன்றில் ஏழு என்று பெரிதாக எழுதி ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். உடலால் ஏதாவது காட்ட விரும்பினால் தையல் மெஷினை மிதிக்கும் கால் அசைவைக் காட்டலாம். பலகையின் மேல் நிற்பதால் கால் எல்லார் கண்ணிலும் படும். குழந்தைகள் அதைச் செய்து பார்ப்பார்கள், வீட்டிலும் போய்ச் செய்வார்கள்.

“மெஷினில் ஏழு, தையல் மெஷின்” என்ற வரியைப் பற்றி என்னால் முடிவு செய்ய முடியவில்லை. வாக்கு இயந்திரத்தையும் மெஷின் என்றே நம் மக்கள் சொல்வதால், இரண்டு மெஷின் ஒரே வரியில் வருவது வேடிக்கையாக நிற்குமா, குழப்புமா என்பதைத் தெருவில்தான் பார்க்க வேண்டும்.

காய்கறிக்காரி_மகள்

என் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சயான் ரயில் நிலையத்திற்கு அருகே கூடை வைத்துக் கூவி விற்கிறார். அவர் ஒருபோதும் தொண்டை கட்டிப் படுத்ததில்லை. போன முறை எங்கள் மாமா ஒரு வேட்பாளருக்காகக் கத்தப் போய் மூன்றே நாளில் குரல் போய், வாக்குப்பதிவு நாளன்று சைகையில் பேசிக்கொண்டிருந்தார். வேறுபாடு என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். “அவன் அடித்தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் கத்தினான், நான் கடைசி எழுத்தை இழுத்துவிட்டு அடுத்த ஆள் வரும் வரை வாயை மூடிக்கொள்வேன்” என்றார். அத்தையும் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு முழு மூச்சு வாங்கட்டும். வண்டி ஒலி எழுப்பினால் அதோடு போட்டி போடாமல் நிறுத்தி, அது போனதும் அதே வரியை மீண்டும் சொல்லட்டும்.

மாமாவின் கதையில் இன்னொன்றும் உண்டு. இரண்டாம் நாள் காலையிலேயே, தூங்கி எழுந்த பின்னும் குரல் கரகரப்பாகவே இருந்தது. அன்று பேசாமல் இருந்திருந்தால் மீண்டிருக்கும். அவர் கற்பூரவாசனை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு மேலும் கத்தினார். அந்த மிட்டாய் எரிச்சலை மறைத்ததே தவிர வீக்கத்தைக் குறைக்கவில்லை. இரவு ஓய்வுக்குப் பிறகும் கரகரப்புப் போகவில்லையென்றால் அன்று அத்தைக்குப் பதில் வேறொருவர் பேச வேண்டும். கிசுகிசுப்பதும் ஓய்வாகாது என்று மருத்துவர் மாமாவிடம் சொன்னார்.

செம்பூர்_செயலாளர்

நான் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் வேறொரு சந்தேகம் எழுகிறது. அந்தக் கழிப்பறையின் சாவி உண்மையில் யாரிடம் இருக்கிறது? எங்கள் பக்கத்துக் குடிசைப் பகுதியில் மாநகராட்சி கட்டிக்கொடுத்த கழிப்பறையை அங்கே வசிப்பவர்களின் சங்கம் ஒன்று கட்டணம் வாங்கி நடத்துகிறது. இரவில் காவலுக்கு ஆள் வைக்கப் பணமில்லை என்று அவர்கள்தாம் பூட்டுகிறார்கள். உங்கள் சந்திலும் அப்படி இருந்தால், அத்தை “சாவி எங்கே?” என்று கேட்கும்போது அந்தச் சங்கத்துக்காரரே கூட்டத்தில் நின்று “என்னிடம்தான், காவலாளிக்குச் சம்பளம் நீ கொடுக்கிறாயா?” என்று கேட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்?

பழையமேடை

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியைச் செயலாளர் ஐயா கேட்டிருக்கிறார். தெருமுனையில் குறுக்கே கேட்பவர் எதிரி அல்லர், அவர் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் நிற்பார்கள். ஆனால் அவருக்குச் சொல்லும் பதில் ஒரே மூச்சில் முடிய வேண்டும், அதற்குப் பேச்சை எழுதும் முன்பே செய்தியைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நகர்சேவக் எனப்படும் வார்டு உறுப்பினர் ஒருவர் சங்கத்தின் சாவியைப் பறித்துத் திறந்துவிட முடியாது. வார்டு அலுவலகத்தில் கேட்கலாம், வார்டுக் குழுவிலும் மாநகராட்சி மன்றத்திலும் எழுப்பலாம், இரவுக் காவலுக்கு நிதி கேட்கலாம். “காவலாளிக்குச் சம்பளம் கேட்கத்தான் நான் நிற்கிறேன், ஏழாம் எண்” என்று சொன்னால் உண்மையும் கெடவில்லை, சுற்றும் அறுபடவில்லை.

இன்னொரு குறுக்குக் கேள்வி தாராவியில் நிச்சயம் வரும்: “எங்கள் வீடு என்னாகும்?” மறுகட்டுமானத் திட்டம் மாநில அரசின் கையில் இருக்கிறது. யார் தகுதியுள்ளவர், யாருக்கு 350 சதுர அடி வீடு என்பதையெல்லாம் வார்டு உறுப்பினர் முடிவு செய்வதில்லை. அதில் வாக்குறுதி தராமல் “அது மந்த்ராலயா முடிவு. இந்தப் பூட்டு வார்டு வேலை” என்று இரண்டு சிறு வாக்கியங்களில் சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

மாட்டுங்கா_ஆசிரியை

அண்ணாச்சி, இந்த இடத்தில் நான் உங்களுடன் வேறுபடுகிறேன். இன்று தாராவியில் ஒருவருக்குத் தூக்கம் கெடுவது வீட்டை நினைத்துத்தான். அதைக் கேட்கிறவரிடம் “அது என் வேலை அல்ல” என்ற பொருளில் பதில் சொன்னால், அது உண்மையாகவே இருந்தாலும், கதவைச் சாத்துவது போல இருக்கும். அவரை ஓரமாக அழைத்து, பேச்சு முடிந்த பின் பத்து நிமிடம் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நாற்பது விநாடியில் அடங்காத விஷயத்தை நாற்பது விநாடியில் அடக்க முயலவே வேண்டாம்.

பழையமேடை

ஓரமாக அழைத்தால் மற்றவர்கள் அதைப் பதில் தெரியாமல் நழுவுவதாகவே எடுத்துக்கொள்வார்கள் அம்மா. நான் கண்டது அப்படி.

ஐரோலி_ஒலிக்காரர்

மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லாரும் தமிழர்கள் அல்லர். கடைசி வரியையாவது மற்றவர்களுக்கும் புரியும்படி வையுங்கள். நல்வாய்ப்பாக இந்திக்கும் மராத்திக்கும் ஏழு என்பது “சாத்” என்ற ஒரே சொல். “சாத் நம்பர், சிலாயி மஷீன்” என்றால் இரு மொழிக்காரருக்கும் விளங்கும். மெஷின் எல்லா மொழியிலும் மெஷின்தான்.

காய்கறிக்காரி_மகள்

“டாய்லெட்டில் பூட்டு” என்று சொல்லிவிட்டு உடனே “சாத்” என்றால், நம் ஊர்க் கிழவிகள் கதவைச் சாத்தச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். நடுவில் வேறு வரி ஒன்று இருக்கட்டும்!

சந்துமுனை_மருமகன்

இன்று மாலை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மூடிய பட்டறை ஒன்றின் இரும்புக் கதவுக்கு முன்னால், இட்லித் தட்டு அடுக்கும் பலகையின் மேல் அத்தை நின்றார். என் மகள் சிலேட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று சுற்று, ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஒரு மூச்சு. நான் எதிர்ப்பக்கம் பத்தடி தள்ளி நின்று கேட்டேன், எல்லாச் சொல்லும் விளங்கியது. இரண்டாம் சுற்றில் “பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும்” என்று அத்தை தொடங்கியபோது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே இரண்டு சிறுவர்கள் “பூட்டு!” என்று முடித்தார்கள்.

மறுபடியும் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டேன். எட்டுப் பேர் பூட்டு என்றார்கள். ஆறு பேர் ஏழு என்றார்கள், அவர்களில் இருவர் சிலேட்டைப் பார்த்துச் சொன்னவர்கள். தையல் மெஷினை ஐந்து பேர் சொன்னார்கள். “மெஷினில் ஏழு, தையல் மெஷின்” என்ற வரி குழப்பவே செய்தது. ஒருவர் அத்தை தையல் மெஷின் இலவசமாகத் தருகிறார் என்று புரிந்துகொண்டு எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். தேர்தல் நேரத்தில் இது விபரீதமான புரிதல் என்பதால் அந்த வரியை எடுத்துவிட்டு, “சின்னம் தையல் மெஷின்” என்று ஒவ்வொரு முறையும் “சின்னம்” சேர்த்துச் சொல்ல முடிவு செய்துள்ளோம். அதனால் இரண்டு விநாடி கூடுகிறது.

செயலாளர் ஐயா சொன்னபடி விசாரித்தோம். சாவி சங்கத்திடம்தான் இருக்கிறது. சங்கத்தின் பொருளாளர் அத்தையிடம் இட்லி வாங்குகிறவர். அவர் மாலையில் கூட்டத்தின் ஓரத்தில் நின்று முழுவதையும் கேட்டார், ஒன்றும் பேசவில்லை, போகும்போது கணக்குப் புத்தகத்தைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னார். அதைப் பார்த்த பிறகு “சாவி எங்கே?” என்ற வரியை வைத்துக்கொள்வதா என்று அத்தை யோசிக்கிறார்.

வீட்டுக் கேள்வியும் வந்தது. அண்ணாச்சி சொன்னது போல அத்தை இரண்டு வாக்கியங்களில் பதில் சொன்னார், கேட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆசிரியை அம்மா சொன்னபடி நாளை செய்து பார்க்கிறோம். நாளைக் காலை தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடியில் முதல் சுற்று. அங்கே பெண்கள் குடத்துடன் அரை மணி நேரம் நிற்பார்கள் என்பதால், இந்த நாற்பது விநாடிப் பேச்சு அவர்களுக்குப் போதுமா, அலுப்பூட்டுமா என்று எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது.

காய்கறிக்காரி_மகள்

குழாயடியில் பேச வேண்டாம், ஒரு குடத்தைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். குடம் நிரம்பும் சத்தத்தில் யார் குரலும் கேட்காது.